கம்பி 23 மைக்ரான் பெருத்தால் மரை 69 மைக்ரான் பெருத்துக் காட்டும்

கேள்வி: ஐயா, பிறையில் எங்கள் பட்டறையில் எம்20, 2.5 மி.மீ. பிட்ச், 6ஜி போல்ட் கடைகிறோம். மூன்று கம்பி வைத்து அளந்தால் மேல் அளவு 20.392 வருகிறது, கணக்குப் போட்டால் பிட்ச் விட்டம் 18.228. அதே போல்ட்டை வாடிக்கையாளர் 18.160 என்று அளந்து திருப்பி அனுப்பிவிட்டார். மைக்ரோமீட்டருக்குப் போன மாதம்தான் சான்றிதழ் வாங்கினோம். கம்பிப் பொட்டலத்தில் ‘இஞ்சுக்குப் பத்து மரை’ என்று இருக்கிறது. 2.5-க்கும் அதுவே போதும் என்று விற்றவர் சொன்னார். யார் அளவு சரி?

பதில்: வாடிக்கையாளர் அளவுதான் சரி. உங்கள் மைக்ரோமீட்டர் மீது குற்றமில்லை. கம்பி மீதும் குற்றமில்லை. கம்பிக்கு நீங்கள் போட்ட எண்தான் தவறு.

20.392-இலிருந்து 18.228-ஐக் கழித்துப் பாருங்கள், 2.164 வருகிறது. 2.5 பிட்ச்சுக்கு மிகப் பொருத்தமான 1.443 மி.மீ. கம்பிக்கு அட்டவணையில் கொடுத்திருக்கும் கழிவு எண் அது. ஆனால் உங்கள் கையில் இருப்பது 1.443 கம்பி இல்லை. இஞ்சுக்குப் பத்து மரை என்றால் பிட்ச் 2.54 மி.மீ.; அதற்குரிய கம்பி, பிட்ச்சில் 0.577 பங்கு, அதாவது சுமார் 1.466. இரண்டுக்கும் வித்தியாசம் 23 மைக்ரான்தான். கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. 60 டிகிரி மரையில் அது மூன்று மடங்காகிப் பிட்ச் விட்டத்தில் விழுகிறது.

ஏன் மூன்று மடங்கு? கம்பி உட்காரும் பள்ளம் 60 டிகிரி. அந்தப் பள்ளத்தில் கம்பியின் விட்டம் 1 மைக்ரான் கூடினால் அதன் மையம் 1 மைக்ரான் மேலே ஏறுகிறது. மையத்துக்கு மேலே இருக்கும் அரைப்பங்கும் அரை மைக்ரான் கூடுகிறது. ஆக ஒரு பக்கத்துக்கு ஒன்றரை, இரு பக்கமும் சேர்த்து மூன்று. சூத்திரத்தில் 3 வருவது இதனால்தான்:

```
பிட்ச் விட்டம் = மேல் அளவு − (3 × கம்பி விட்டம்) + (0.866 × பிட்ச்)

உங்கள் கணக்கு : 20.392 − 4.329 + 2.165 = 18.228
சரியான கணக்கு : 20.392 − 4.398 + 2.165 = 18.159
```

6ஜி-யில் இந்த மரையின் பிட்ச் விட்டம் 18.164-க்கும் 18.334-க்கும் இடையில் இருக்க வேண்டும். 18.159 என்பது கீழ் எல்லைக்கு 5 மைக்ரான் கீழே. போல்ட் திரும்பி வந்தது நியாயம்தான்.

நான் சொல்கிறேன் என்பதற்காக 1.466 என்று எழுதிவிடாதீர்கள், கம்பியை அளந்து எழுதுங்கள். கேஜ் பிளாக் பெட்டியில் 1.47 மி.மீ. கட்டை இருக்கும். கட்டையையும் கம்பியையும் நன்றாகத் துடைத்து, மைக்ரான் வாசிக்கும் அதே மைக்ரோமீட்டரில், அதே ராட்செட் அழுத்தத்தில், முதலில் கட்டையையும் பிறகு கம்பியையும் அளவெடுங்கள். கட்டையைவிட எத்தனை மைக்ரான் குறைகிறதோ அதை 1.470-இல் கழித்தால் கம்பியின் உண்மை விட்டம். ஒவ்வொரு கம்பியையும் மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் கால் சுற்றுத் திருப்பி அளங்கள். மூன்று கம்பியும் ஒரு மைக்ரானுக்குள் ஒத்துப்போக வேண்டும். நடுவில் மெலிந்து முனையில் தடித்திருந்தால் அது தேய்ந்த கம்பி. தேய்ந்த கம்பி எதிர்த்திசையில் ஏமாற்றும்: பிட்ச் விட்டம் குறைவாகக் காட்டி, நல்ல போல்ட்டைக் கழித்துப் போட வைக்கும்.

இனி, ‘பத்து மரைக் கம்பியை 2.5-க்கு வைக்கலாமா?’ என்று கேட்பீர்கள். இதில்தான் இடைத்தரகர்கள் பாதி உண்மையைச் சொல்லிப் பொருளைத் தள்ளிவிடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வைக்கலாம். பொருத்தமான கம்பி, மரைச் சரிவின் சரியாகப் பிட்ச் கோட்டில் தொடும். அங்கே தொட்டால் சரிவுக் கோணம் சற்றுப் பிசகியிருந்தாலும் அளவு கெடாது. கம்பி அளவு விலக விலக, தொடும் இடமும் கோட்டைவிட்டு நகரும், கோணப் பிழை கணக்குக்குள் நுழையும். உங்கள் 1.466 கம்பி மிக அருகில்தான் இருக்கிறது. ஒரு பக்கச் சரிவுக் கோணம் 30-க்குப் பதில் 31 டிகிரியாக இருந்தால்கூட ஒரு மைக்ரான் அளவுக்கே பிசகும். அதே கோணத்தில் 1.65 கம்பியை வைத்தால் பிசகு 12 மைக்ரானை நெருங்கும். அதுவும் கம்பியின் உண்மை விட்டத்தைச் சரியாகப் போட்ட பிறகு! ஆகவே பக்கத்து அளவுக் கம்பி இருந்தால் தயங்காமல் வையுங்கள், தூரத்து அளவு என்றால் டூலின் கோணத்தை முதலில் சரிபாருங்கள். 1.26-க்குக் கீழே போகவே கூடாது; கம்பி மரையின் முகட்டுக்குக் கீழே அமுங்கிவிடும், மைக்ரோமீட்டர் முகட்டைத்தான் அளக்கும்.

எந்தக் கம்பியாக இருந்தாலும் சூத்திரத்தில் அந்தக் கம்பியின் விட்டம்தான் போக வேண்டும். விற்பவர் ‘போதும்’ என்றபோது கூடவே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பல செட்டுகளோடு வரும் தாளில் ‘தேர்ச்சி’ என்று ஒரு முத்திரை இருக்கும், கம்பியின் அளவு மட்டும் இருக்காது. அந்தத் தாள் அளவீட்டுக்கு உதவாது. வாங்கும்போதே ஒவ்வொரு கம்பியின் அளந்த விட்டமும் அளவீட்டு ஐயமும் எண்ணாக எழுதிய சான்றிதழைக் கேளுங்கள். சாம் அங்கீகாரம் உள்ள ஆய்வகம் என்றால், நீள அளவில் அவர்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எடைக்கோ வெப்பத்துக்கோ வாங்கிய அங்கீகாரம் கம்பிக்குச் செல்லாது.

தணிக்கைக்கு வருகிறவர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. மைக்ரோமீட்டரில் ஸ்டிக்கர் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மைக்ரோமீட்டரின் 2 மைக்ரான் பிழை விடையில் 2 மைக்ரான்தான், கம்பியின் 2 மைக்ரான் பிழை 6 மைக்ரான். மூன்று மடங்கு கெடுக்கும் பொருளுக்குத் தாளே கேட்பதில்லை என்றால் அந்தத் தணிக்கை யாருக்காக?

அனுப்பிய சரக்கை மறுபடி அளக்கத் தேவையில்லை, இதே கம்பியால், இதே கழிவு எண்ணால் அளந்திருந்தால். கம்பி 1.466 என்று உறுதியானதும், பழைய பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பிட்ச் விட்டத்திலும் 0.069 கழியுங்கள். பதிவேட்டில் 18.233-க்குக் கீழே இருப்பவை எல்லாம் எல்லைக்கு வெளியே போனவை. அவற்றைப் பற்றி வாடிக்கையாளரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ‘பெரிதாக இருக்கிறது’ என்று 18.334-க்கு மேல் ஒதுக்கியவற்றில் 18.403 வரை உள்ளவை உண்மையில் நல்ல போல்ட்கள். லேத்தில் நிற்பவரையும் கேட்டுப் பாருங்கள்: விட்டம் பெரிதாகக் காட்டுகிறதே என்று டூலை இன்னும் உள்ளே விட்டிருப்பார். அந்த ஆஃப்செட்டைத் திருப்பிப் போடாமல் கழிவு எண்ணை மட்டும் 2.233 ஆக்கினால், அடுத்து வரும் போல்ட்டும் மெலிந்துதான் வரும்.