வினைக்கு முந்தின இடம்

கேள்வி: தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது என்கிறார்கள். அப்படியானால் எந்த வரிசையில் எழுதினால்தான் என்ன?

நடந்த செய்தி மாறாது. ஆனால் கேட்பவர் காதில் எந்தச் சொல் பெரிதாக விழுகிறது என்பது மாறும். ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்த்துவிடலாம்.

"அண்ணன் சாவியை அம்மாவிடம் கொடுத்தான்."

இது சாதாரண வரிசை. "என்ன ஆச்சு?" என்று யாராவது பொதுவாகக் கேட்டால் இப்படித்தான் சொல்வோம். இப்போது அம்மாவையும் சாவியையும் இடம் மாற்றுங்கள்: "அண்ணன் அம்மாவிடம் சாவியைக் கொடுத்தான்." அம்மாவிடம் ஏதோ கொடுத்தான் என்பது ஏற்கெனவே தெரியும், அது பணமா சாவியா என்பதுதான் பேச்சு என்ற தொனி வந்துவிடுகிறது. இன்னொரு தடவை மாற்றினால், "சாவியை அம்மாவிடம் அண்ணன் கொடுத்தான்." தம்பி இல்லை, நான் இல்லை, அண்ணன்.

பலர் முக்கியமான சொல்லை வாக்கியத்தின் தலையில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது பாதிதான் சரி. தலையில் வருவது 'எதைப் பற்றிப் பேசுகிறோம்' என்பது. அழுத்தம் விழுவது வினைக்கு ஒட்டி முன்னால் இருக்கும் இடத்தில். சந்தேகம் இருந்தால் கேள்வியாக மாற்றிப் பாருங்கள்: "சாவியை அம்மாவிடம் யார் கொடுத்தது?" "சாவியை யாரிடம் கொடுத்தான்?" யார், யாரிடம் எல்லாம் பெரும்பாலும் வினைக்குப் பக்கத்தில் போய் உட்காரும். பதிலும் அதே நாற்காலியில்தான் உட்காரும். எழுவாய் வழக்கமாக முன்னால் நிற்பது. அதைக் கொண்டுவந்து வினைக்குப் பக்கத்தில் வைத்தால் இடப்பெயர்ச்சி பெரிது, அதனால் அழுத்தமும் கூடுதல். அதோடு '-தான்' சேர்த்தால் ("அண்ணன்தான் கொடுத்தான்") சந்தேகத்துக்கே இடமில்லை.

பேசும்போது இவ்வளவு கவலைப்பட வேண்டாம். சொல் எங்கே இருந்தாலும் குரலை உயர்த்திச் சமாளித்துவிடலாம். எழுத்தில் குரல் கிடையாது, வரிசைதான் அந்த வேலையைப் பார்க்கும். எங்கள் குடியிருப்பில் வழக்கமாக 7 மணிக்கு வரும் தண்ணீர் லாரி ஒருநாள் முன்னதாக வர இருந்தது. அறிவிப்புப் பலகையில் "நாளை காலை 6 மணிக்குத் தண்ணீர் லாரி வரும்" என்று எழுதியிருந்தார்கள். நான் 'லாரி வரும்' என்பதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு 7 மணிக்குக் குடத்தோடு இறங்கினேன். லாரி போயே போய்விட்டது. "தண்ணீர் லாரி நாளை காலை 6 மணிக்கு வரும்" என்று இருந்திருந்தால் கண் அந்த 6-ல் நின்றிருக்கும். (தூக்கக் கலக்கத்திலும் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.)

சரி, வினைக்குப் பின்னால்? "வந்துட்டான் உன் அண்ணன்", "குடுத்துட்டேன்பா சாவியை." பேச்சில் நிறைய வரும். அங்கே வருவது இருவருக்கும் தெரிந்த விஷயம், யாரைச் சொல்கிறோம் என்று ஞாபகப்படுத்தப் பின்னால் ஒட்டுகிறோம். அழுத்தம் முழுக்க வினைக்குப் போய்விடும். அதனால்தான் "யார் வந்தது?" என்ற கேள்விக்கு "வந்தான் அண்ணன்" என்று யாரும் பதில் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சுதந்திரத்தைத் தருவது வேற்றுமை உருபு. "எலியைப் பூனை பிடித்தது" என்றால் குழப்பமில்லை, பிடித்தது பூனை என்று அழுத்தமாகவே கேட்கிறது. ஐ-யை எடுத்துவிட்டு "எலி பூனை பிடித்தது" என்றால் எலி பூனையைப் பிடித்ததாகக்கூடப் படிக்கலாம். "காபி நான்தான் குடித்தேன்" என்பதில் ஐ இல்லாமலே தப்பித்துவிடுகிறோம், ஏனென்றால் 'குடித்தேன்' என்ற வினையே குடித்தது நான் என்று காட்டிவிடுகிறது, தவிர காபி ஆளைக் குடிக்காது.

எனக்கு அடிக்கடி காலை வாருவது இன்னொன்று. "டாக்டர் சொன்ன மாத்திரையை நேற்று வாங்கினேன்" என்பதில் 'நேற்று' வாங்கினதுக்கு. அழுத்தம் மாற்றுவதாக நினைத்து "டாக்டர் நேற்று சொன்ன மாத்திரையை வாங்கினேன்" என்று எழுதினால் 'நேற்று' சொன்னதோடு போய் ஒட்டிக்கொள்ளும். இங்கே மாறியது அழுத்தம் இல்லை, செய்தியே மாறிவிட்டது. 'சொன்ன', 'வாங்கிய', 'வந்த' மாதிரிப் பெயரெச்சம் இருந்தால், அதையும் அதோடு சேர்ந்த சொற்களையும் சுற்றி ஒரு வேலி இருப்பதாக நினைத்துக்கொண்டு, வேலிக்கு வெளியே இருக்கும் சொல்லை உள்ளே தள்ளாமல் நகர்த்த வேண்டும். "நேற்று" தலைக்குப் போனாலும் ஆபத்துதான்: "நேற்று டாக்டர் சொன்ன மாத்திரையை வாங்கினேன்" என்பதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். அந்த மாதிரி இடத்தில் நான் வரிசையோடு விளையாடாமல், வினைக்குப் பக்கத்திலேயே விட்டுவிடுவேன்.