சிம் இல்லாத போனில் அழைப்பு போகும், இருக்கும் இடம் போகுமா?

மொபைல் நெட்வொர்க் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அவசர அழைப்பு பற்றி வந்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பேலன்ஸ் பூஜ்யம். மற்ற எண்ணுக்கெல்லாம் போகாத அழைப்பு 112-க்கு மட்டும் எப்படிப் போகிறது?

பேலன்ஸ் பார்ப்பது டவர் இல்லை, பின்னால் இருக்கும் கணக்கு சர்வர். அவசர அழைப்பு அந்தப் பக்கமே போவதில்லை. 112, 911 இரண்டும் போனுக்கே தெரியும். அவற்றை அழுத்தியதும், டவரிடம் சேனல் கேட்கும் முதல் செய்தியிலேயே "இது அவசரம்" என்று போன் சொல்லிவிடும். பழைய 2ஜியில் ஒரு வேடிக்கை: நீங்கள் அழுத்திய எண்கள் டவருக்குப் போவதே இல்லை. "அவசர அழைப்பு" என்ற தகவல் மட்டும் போகும், எந்த மையத்துக்கு இணைப்பது என்பதை நெட்வொர்க் முடிவு செய்யும்.

அண்ணா, 112 சாட்டிலைட் வழியாகப் போவதால்தானே டவர் இல்லாத காட்டிலும் கிடைக்கிறது?

பாதி சரி. உங்கள் கம்பெனி டவர் இல்லாத இடத்தில் கிடைப்பது உண்மை. ஆனால் அது வேறு கம்பெனி டவரைப் பிடித்துக்கொள்வதால். திரையில் "அவசர அழைப்புகள் மட்டும்" என்று வருவது அந்த நிலைதான். எந்தக் கம்பெனி டவரும் எட்டாத இடத்தில் அழைப்பு போகாது. சில புது போன்களில் சாட்டிலைட் வழியே உதவிக்குச் செய்தி அனுப்பும் வசதி உண்டு, அது தனிக் கதை.

நான் கூப்பிட்டபோது ஆம்புலன்ஸ் பக்கத்துத் தெருவில் போய் நின்றது. லொகேஷன் ஆனில்தான் இருந்தது. யார் தப்பு?

யார் தப்பு என்று இங்கிருந்து சொல்ல முடியாது. மையத்துக்கு இடம் வரும் வழிகளைப் பார்த்தால் புரியும்.

முதல் வழி டவர். எந்த டவரின் எந்தப் பக்க ஆன்டெனா என்பது நெட்வொர்க்குக்குத் தெரியும். 2ஜியில் போனின் சிக்னல் வந்து சேரும் தாமதத்தை வைத்து, சுமார் 550 மீட்டர் படிகளாகத் தூரத்தையும் கணிக்கலாம். படி 3 என்றால் நீங்கள் டவரிலிருந்து 1.65 முதல் 2.2 கிலோமீட்டருக்குள் இருக்கிறீர்கள். ஆன்டெனா 120 டிகிரியைப் பார்க்கிறது என்றால், வளைந்த பட்டை ஒன்று கிடைக்கும். பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் எந்த வீட்டைத் தட்டுவது?

இரண்டாவது வழி போனே சொல்வது. ஏ.எம்.எல். என்ற முறை இருக்கும் நாடுகளில், அழைப்பு தொடங்கியதும் போன் தானாக ஜி.பி.எஸ், வைஃபை இரண்டையும் பார்த்து, கிடைத்த இடத்தைச் சத்தமில்லாமல் எஸ்.எம்.எஸ். ஆக அனுப்பும். அதன் தொடக்கம் இப்படி இருக்கும்:

```
A"ML=1;lt=+54.76397;lg=-0.18305;rd=50;top=20130717141935;lc=90;pm=W
```

`lt`, `lg` அட்சரேகையும் தீர்க்கரேகையும். `rd=50`, `lc=90` இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 50 மீட்டர் வட்டத்துக்குள் இருப்பதற்கு 90 சதவீத நம்பிக்கை. `pm=W` என்றால் வைஃபையை வைத்துக் கணித்தது. 50 மீட்டர் வட்டம் பக்கத்துத் தெருவையும் தொடும் இல்லையா? உங்களுக்கு அப்படித்தான் ஆகியிருக்கலாம். இதில் மாடி எண்ணும் கிடையாது. கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தொலைந்த என் போனை இந்த முறையில் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. அந்தப் போனிலிருந்தே அவசர எண்ணை அழைத்தால்தான் இது வேலை செய்யும்.

பழைய போன் ஒன்று சிம் இல்லாமல் கிடக்கிறது. அவசரத்துக்கு அப்பாவிடம் கொடுத்து வைக்கலாமா சார்?

பாதி தைரியத்துக்குக் கொடுக்கலாம். சிம் இல்லாவிட்டால் போன் தன்னை ஐ.எம்.இ.ஐ. எண்ணால் அறிமுகப்படுத்திக்கொள்ளும். அனுமதிக்கும் நாட்டில் நெட்வொர்க் ஏற்றுக்கொள்ளும், பேச்சு போகும். ஆனால் சிம் இல்லாமல் எஸ்.எம்.எஸ். போகாது. அதனால் நான் மேலே காட்டிய அந்த வரி மையத்துக்கு வந்து சேராது, பெரும்பாலும் டவர் பட்டைதான் மிஞ்சும். இன்னொரு சிக்கல், அழைப்பு பாதியில் அறுந்தால் மையம் திருப்பிக் கூப்பிட முடியாது, கூப்பிட எண்ணே இல்லை.

அப்படியானால் சிம் இல்லாத அழைப்பையே தடுத்துவிடலாமே?

ஜெர்மனி 2009 முதல் தடுத்துவிட்டது, பிரிட்டனும் ஏற்பதில்லை. பொய் அழைப்புகள் குவிந்ததுதான் காரணம், அடையாளம் தெரியாதவனைப் பிடிப்பது கஷ்டம். அமெரிக்கா இன்னும் அனுமதிக்கிறது. நான் அனுமதிக்கும் பக்கம். என் பழைய சக ஊழியர் ஒருவர் எதிர்ப்பக்கம், நாங்கள் இன்றும் இதில் ஒத்துப்போகவில்லை.

அப்பாவுக்குக் கொடுப்பதானால் அந்தப் போனில் ஒரு சிம்மைப் போட்டுக் கொடுங்கள், பேலன்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.