ரிமைண்டர் வைத்துக் கேட்பவள்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். மூன்று வருடமாக, தேர்வோ இன்டர்வியூவோ எதுவாக இருந்தாலும் அன்று மாலை அவளிடமிருந்து மெசேஜ் வந்துவிடும். பேச்சுவாக்கில் ஒருமுறை தேதியைச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். என்னை இவ்வளவு மனதில் வைத்திருக்கிறாளே என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். போன வாரம் ஒரு நம்பர் தேட அவள் போனை என்னிடம் கொடுத்தாள். அப்போது காலண்டர் ரிமைண்டர் ஒன்று திரையில் வந்தது. என் பெயர் போட்டு, "இன்டர்வியூ, 5 மணிக்கு மேல் கேள்" என்று இருந்தது. அதற்குக் கீழேயே இன்னொன்று: "14 – ரிசல்ட் வரும், அவளாகச் சொல்லட்டும்." என்னமோ போல் ஆகிவிட்டது. மனதில் இருக்கிறேன் என்று நினைத்தேன், இருந்தது போனில். இதை அவளிடம் கேட்கலாமா?

(பெயர் வேண்டாம் அக்கா)

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை அந்தக் கடைசி ரிமைண்டரைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் போன் விஷயம். நடந்ததை நினைவில் வைப்பது வேறு, இனிமேல் செய்ய வேண்டியதை நினைவில் வைப்பது வேறு. உங்களுக்கு இன்டர்வியூ இருக்கிறது என்பது அவளுக்கு மறந்திருக்காது, யாராவது கேட்டால் சட்டென்று சொல்லியிருப்பாள். ஆனால் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, தன் வேலைக்கு நடுவில், யாரும் தூண்டாமல் அது தானாக மேலே வர வேண்டும் என்பது மனித மூளைக்கு நிஜமாகவே சிரமமான காரியம். மனதில் ஆளைச் சுமந்துகொண்டிருக்கிறவர்களும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவற விடுவார்கள், மறுநாள் காலையில் தலையில் அடித்துக்கொள்வார்கள். உங்கள் தோழிக்குத் தன் மறதியைப் பற்றித் தெரிந்திருக்கிறது. நீங்கள் போகிறபோக்கில் தேதியைச் சொன்ன அன்றே, போனை எடுத்து, உங்கள் பெயரைத் தட்டி, எத்தனை மணிக்குக் கேட்டால் சரியாக இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கிறாள். அந்த ஒரு நிமிடத்தைப் போன் செய்யவில்லை.

சரி, அப்படியென்றால் பார்த்ததும் ஏன் சங்கடமாக இருந்தது? இதற்கு ஒரு பழைய ஆய்வு ஞாபகம் வருகிறது. 2000-இல் நியால் போல்கர் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்டது. நியூயார்க்கில் வழக்கறிஞர் ஆவதற்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைகளையும் தனித்தனியாக தினமும் குறிப்பு எழுத வைத்தார்கள். இன்று உதவி செய்தேனா என்று ஒருவர் எழுதுவார், இன்று உதவி கிடைத்ததா என்று மற்றவர் எழுதுவார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, துணை உதவியதாகச் சொல்லியும் படிப்பவர் அதைக் கவனிக்காத நாட்கள்தான் நல்ல நாட்களாக இருந்தன. கிடைத்த உதவி கண்ணில் பட்டபோது மனச்சோர்வு கூடியது. நமக்காக ஒருவர் மெனக்கெடுவது தெரிந்தால் அது கொஞ்சம் கனக்கிறது, கடன் பட்டது போல, நாம் பலவீனமாக இருப்பதாக அவர் நினைக்கிறாரோ என்பது போல. உங்கள் தோழி மூன்று வருடம் அந்த மெனக்கெடலை உங்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தாள், நீங்கள் தற்செயலாகப் பார்த்துவிட்டீர்கள். ஏமாந்தது போல இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுவது இந்தக் கனம்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த 14-ஆம் தேதி. தேர்வு நாளை நினைவில் வைப்பவர்கள் ஓரளவு இருக்கிறார்கள். ரிசல்ட் நாளை நினைவில் வைப்பவர்கள் குறைவு, வைத்துவிட்டு அன்று சும்மா இருப்பவர்கள் அதிலும் குறைவு. கலிபோர்னியாவில் இதே மாதிரித் தேர்வை எழுதிவிட்டு நாலு மாதம் முடிவுக்குக் காத்திருப்பவர்களை கேட் ஸ்வீனி என்ற ஆய்வாளர் தொடர்ந்து பார்த்திருக்கிறார். கவலை தேர்வு முடிந்த உடனே அதிகமாக இருக்கிறது, நடுவில் கொஞ்சம் அடங்குகிறது, முடிவு நெருங்கும்போது மறுபடி ஏறுகிறது. ஆக, ஒருவர் நம் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம் இரண்டு. தேர்வன்று மாலை கேட்கலாம், கேட்க வேண்டும், ஏனென்றால் அப்போது சொல்வதற்கு நம்மிடம் கதை இருக்கிறது: உள்ளே என்ன கேட்டார்கள், எங்கே தடுமாறினோம். ரிசல்ட் அன்று கதை கிடையாது, ஆம் அல்லது இல்லை மட்டும்தான். இல்லை என்றால் அதை யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பது நம் கையில் மிச்சமிருக்கும் ஒரே விஷயம். "அவளாகச் சொல்லட்டும்" என்று எழுதியவளுக்கு இது புரிந்திருக்கிறது. எனக்கு இது புரிய நாற்பது வயது ஆனது, அதுவும் நிறைய பேரிடம் தப்பாகக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், தேதி நினைவில் இருப்பதெல்லாம் அக்கறை ஆகிவிடாது. என் உறவில் ஒருவருக்கு என் தேர்வு அட்டவணை என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ரிசல்ட் பார்ப்பதற்கு முன்னாலேயே போன் வந்துவிடும். "எத்தனை?" என்பார். எண்ணைச் சொன்னதும் வைத்துவிடுவார், சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்க அந்த எண் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னொருவர், என்னோடு வேலை பார்த்தவர். இன்டர்வியூ பதினொரு மணிக்கு என்று தெரிந்தும் மாலை ஆறு மணிக்குத்தான் மெசேஜ் போட்டார்: "முடிஞ்சு வந்துட்டியா?" சொதப்பிவிட்டேன் என்று எழுதினேன். உடனே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, "எந்த இடத்துல?" என்று கேட்டார். பழைய வேலையை ஏன் விட்டாய் என்ற கேள்விக்கு உளறியதைச் சொன்னேன், அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். இரண்டு வாரத்தில் சொல்வோம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு வாரம் முடிந்த அன்று என்னோடு டீ குடிக்க வந்து உட்கார்ந்தார், வேறு என்னென்னவோ பேசினார், அதைக் கேட்கவே இல்லை. எழுந்திருக்கும்போது நானே சொன்னேன், கிடைக்கவில்லை என்று.

இரண்டு பேருக்கும் தேதி தெரியும். வித்தியாசம் இரண்டாவது கேள்வியில் இருந்தது. ஒருவருக்கு இரண்டாவது கேள்வியே கிடையாது, இன்னொருவருக்கு அது என் பதிலிலிருந்து பிறந்தது. உங்கள் தோழியின் பழைய மெசேஜ்களை எடுத்துப் பாருங்கள், "எப்படிப் போச்சு" என்பதற்கு அடுத்து அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று. அந்த அடுத்த வரியை எந்த ரிமைண்டரும் எழுதித் தராது.

ஒன்று மட்டும், இதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு மறந்துபோன மற்றவர்களை அளக்கக் கிளம்பிவிடாதீர்கள். மறதிக்காரர்கள் சிலர் வேறு வழியில் வந்து நிற்பார்கள்.

அவளிடம் கேட்கலாமா என்றால், ஏன் ரிமைண்டர் வைத்தாய் என்று கேட்காதீர்கள், பாவம், கூனிக் குறுகிப் போவாள். பார்த்தேன் என்று வேண்டுமானால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அதைவிட, உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. மூன்று வருடத்தில் உங்கள் தேதிகள் இத்தனை வருகின்றன, அவளுடைய தேதி ஒன்றுகூட வரவில்லை. அவளுக்கும் ஏதாவது இருக்கும், ஒரு தேர்வு, ஆபீஸில் ஏதாவது மீட்டிங், வீட்டில் யாருக்காவது டெஸ்ட் ரிப்போர்ட். அடுத்த முறை அவள் போகிறபோக்கில் ஒரு கிழமையைச் சொல்லும்போது போனை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா