வட்டியைக் குறைக்கும் முன்பே தங்கம் ஏன் ஏறிவிடுகிறது?

"அமெரிக்காவில் வட்டியைக் குறைத்தால் தங்கம் ஏறும் என்கிறார்கள். ஆனால் 2024 டிசம்பரில் குறைத்த மறுநாள் இங்கே விலை இறங்கியது. மகள் கல்யாணத்துக்குப் பத்து பவுன் வாங்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் வாங்கட்டுமா, முடிந்ததும் வாங்கட்டுமா?"
— ஒரு வாசகி, ஈரோடு

அமெரிக்க மத்திய வங்கி வட்டியை முடிவு செய்யும் கூட்டத்தின் தேதியைக் கணக்கிட்டு வாங்குவதால் உங்களுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. எல்லோரும் எதிர்பார்த்த வட்டிக் குறைப்பு, கூட்டம் கூடும் முன்பே தங்கத்தின் விலைக்குள் புகுந்துவிடும். கூட்டத்தன்று எதிர்பார்த்ததைவிடக் கூடவோ குறையவோ நடந்தால், அந்த வித்தியாசத்துக்கு மட்டுமே விலை அசையும்.

அந்த எதிர்பார்ப்பை எண்ணாகப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்க வங்கிகள் ஒன்றுக்கொன்று ஓர் இரவுக்குக் கடன் கொடுக்கும் வட்டியைத்தான் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் ஏற்றி இறக்குகிறது. ஒரு குறிப்பிட்ட மாதத்தில் இந்த வட்டியின் சராசரி எவ்வளவாக இருக்கும் என்பதை வைத்து சிகாகோ சந்தையில் முன்பேர ஒப்பந்தங்கள் கைமாறுகின்றன. நூறிலிருந்து அந்தச் சராசரியைக் கழித்தால் வருவதே ஒப்பந்தத்தின் விலை. வட்டி 5.33 சதவீதம் என்றால் விலை 94.67. ஆக, விலையைப் பார்த்தே சந்தை என்ன வட்டியை எதிர்பார்க்கிறது என்று சொல்லிவிடலாம்.

2024 செப்டம்பர் 18 கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அப்போது நடப்பு வட்டி 5.33. அக்டோபரில் கூட்டம் கிடையாது என்பதால், செப்டம்பர் முடிவு அக்டோபர் மாதம் முழுக்க அப்படியே நிற்கும். கால் சதவீதம் குறைத்தால் அக்டோபர் ஒப்பந்தம் 94.92-இல் முடிய வேண்டும். அரை சதவீதம் குறைத்தால் 95.17-இல். கூட்டத்துக்கு முந்தைய நாள் ஒப்பந்தம் 95.07-இல் கைமாறுகிறது என்று வையுங்கள். எதிர்பார்க்கும் வட்டி 4.93, அதாவது 0.40 குறைப்பு. இதில் 0.25 உறுதி என்று சந்தை நினைக்கிறது. மீதி 0.15, அடுத்த கால் சதவீதத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு. "அரை சதவீதம் குறைக்க 60 சதவீத வாய்ப்பு" என்று செய்திகளில் வருவதெல்லாம் இந்தக் கழித்தல் கணக்குதான். அந்தக் கூட்டத்துக்கு முன்பு உண்மையில் இருந்த நிலையும் ஏறத்தாழ இதுவே.

இது தங்கத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? தங்கம் வட்டி தராது. பத்திரத்தில் போட்டால் ஐந்து சதவீதம் கிடைக்கும் காலத்தில் அதை விட்டுவிட்டுத் தங்கம் வைத்திருப்பவருக்கு அந்த ஐந்தும் இழப்பு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வட்டி இறங்கும் என்று முன்பேரச் சந்தை நினைத்தால், இரண்டு ஆண்டு அரசுப் பத்திரம் தரும் வருவாய் அன்றே இறங்கிவிடும். அந்த வருவாய் ஏறக்குறைய இனி வரப்போகும் வட்டிகளின் சராசரிதான். அதோடு டாலரும் தளரும். தங்கம் வைத்திருப்பதன் இழப்பு அந்த நிமிடமே குறைகிறது. பெரிய வியாபாரி யாரும் வாஷிங்டனில் கூட்டம் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை.

அந்த ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் ஒரு அவுன்ஸ் 2,330 டாலர் அளவில் இருந்தது. ஆகஸ்ட் 2 அன்று வேலையின்மை 4.3 சதவீதமாக ஏறியதாகப் புள்ளிவிவரம் வந்தது. ஆகஸ்ட் 16 அன்று தங்கம் முதன்முறையாக 2,500-ஐத் தாண்டியது. ஆகஸ்ட் 23 அன்று, கொள்கையை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று ஃபெடரல் ரிசர்வ் தலைவர் ஜெரோம் பவல் வெளிப்படையாகவே சொன்னார். செப்டம்பர் 18 காலை வரை வட்டியில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. தங்கமோ சுமார் பத்து சதவீதம் ஏறியிருந்தது.

அன்றிரவு நம் நேரப்படி 11.30 மணிக்கு அரை சதவீதக் குறைப்பு அறிவிப்பானது. விலை 2,600-ஐ ஒட்டிப் போய்த் தொட்டுவிட்டு, முந்தைய நாள் முடிவைவிடக் கீழே இறங்கி நின்றது. 0.40 எதிர்பார்த்த இடத்தில் 0.50 வந்தது, புதிய செய்தி 0.10 மட்டுமே. அதையும் பவலின் பேச்சு விழுங்கிவிட்டது. இதே வேகத்தில் தொடர்ந்து குறைப்போம் என்று எண்ண வேண்டாம் என்றார் அவர். (இரண்டே நாளில் தங்கம் 2,600-ஐத் தாண்டியது. கூட்டத்தன்று நடப்பதை வைத்து அடுத்த வாரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கும் இதையே காட்டலாம்.)

உங்களைக் குழப்பிய டிசம்பர் கதையும் இதுவே. டிசம்பர் 18 அன்று கால் சதவீதம் குறைப்பார்கள் என்பது ஏறத்தாழ முழுமையாகவே ஒப்பந்த விலையில் இருந்தது, அதனால் குறைப்பில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் 2025-இல் நான்கு முறை குறைப்போம் என்று செப்டம்பரில் கணித்திருந்தவர்கள், இப்போது இரண்டே முறை என்றார்கள். வரப்போகும் வட்டிகள் ஒரே இரவில் மேலே தள்ளப்பட்டன. தங்கம் சுமார் 2 சதவீதம் சரிந்தது. மறுநாள் ஒரு டாலர் முதன்முறையாக 85 ரூபாயைத் தாண்டியதால், அந்தச் சரிவில் ஒரு பகுதி நம் ஊருக்கு வந்து சேரவில்லை.

இதையே சூத்திரமாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. 2024 ஜனவரியில் அந்த ஆண்டுக்குள் ஆறு குறைப்புகள் இருக்கும் என்று சந்தை நினைத்தது. ஏப்ரல் முடிவதற்குள் அந்த எண்ணிக்கை ஒன்று இரண்டாகச் சுருங்கியது. கணக்குப்படி தங்கம் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அதே ஏப்ரலில் அது 2,400 டாலரைத் தாண்டியது. உலக மத்திய வங்கிகள் 2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கிக் குவித்தது ஒரு முக்கியக் காரணம். அவர்கள் வட்டி பார்த்து வாங்குகிறவர்கள் அல்ல. நம் நாட்டு விலைக்கு வேறு கைகளும் உண்டு. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15-இலிருந்து 6 சதவீதமானதும், அமெரிக்காவில் எதுவும் நடக்காமலேயே சவரன் விலை ஒரே நாளில் இறங்கியது.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். கூட்டத்துக்கு முன்தினம் இணையத்தில் CME FedWatch என்று தேடிப் பாருங்கள், மேலே சொன்ன வாய்ப்புக் கணக்கைப் போட்டுக் காட்டும் பக்கம் அது. குறைப்புக்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு காட்டினால், குறைத்ததும் ஏறிவிடுமே என்று பயந்து அவசரமாக வாங்க வேண்டியதில்லை. 60-க்கு 40 என்று இருந்தால் அன்று ஒரு குலுக்கல் இருக்கும். அது எந்தப் பக்கம் என்பது எனக்கும் தெரியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். அறிவிப்பு நள்ளிரவை ஒட்டி வரும், கடையின் விலைப்பலகை மறுநாள் காலைதான் மாறும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பத்து பவுனை மூன்று நான்கு தவணையாகப் பிரித்து, மாதத்துக்கு ஒன்றாக வாங்குங்கள்.

பத்து பவுன் என்பது 80 கிராம். டிசம்பரில் நடந்தது போன்ற 2 சதவீத அசைவு, 1.6 கிராமின் விலை. சேதாரத்தில் ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் 5 சதவீதம் வித்தியாசம் இருந்தாலே அது 4 கிராம், அரைப் பவுன். நான்கு கடை ஏறி இறங்கி, அதே டிசைனுக்கு யார் என்ன சேதாரம் போடுகிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.