அரபு முன்னிடைச்சொற்களுக்கான பயிற்சித்தாள்

“மின், இலா, ஃபீ, அலா ஒவ்வொன்றும் எந்த வேற்றுமையை ஏற்கும் என்று கோடிட்ட இடம் வைத்தேன். எல்லோரும் முழு மதிப்பெண். எங்கே தவறு?”

இவை எல்லாமே ஒரே வேற்றுமையைத்தான் ஏற்கும்: ஜர்ரு. அதனால் வேற்றுமையின் பெயரைக் கேட்காதீர்கள், அது பெயர்ச்சொல்லின் ஈற்றில் எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள்.

சொல்லை எழுவாய் வடிவில் அடைப்புக்குள் கொடுத்து, முழுச் சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். ‘ஃபீ ____ (அல்பைத்து)’ என்றால் ‘அல்பைத்தி’, சாதாரண கஸ்ரா. ‘மின் ____ (அல்முஸாஃபிரூன)’ என்றால் ‘அல்முஸாஃபிரீன’, இங்கே ‘ஊ’ ‘ஈ’ ஆகிறது. ‘இலா ____ (மக்கத்து)’ என்றால் ‘மக்கத்த’, ஃபத்ஹா! மாணவர் ‘மக்கத்தி’ என்று எழுதினால் அவருக்கு ஜர்ரு தெரியும், தன்வீன் ஏற்காத சொற்கள்தான் தெரியாது. அதற்கு ‘ஃபீ மஸாஜித’, ‘ஃபில் மஸாஜிதி’ இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். ‘அல்’ வந்ததும் கஸ்ரா திரும்பிவிடும்.

அப்புறம், முன்னிடைச்சொல்லே இல்லாத சில வாக்கியங்களையும் நடுவில் கலந்துவிடுங்கள். ‘ஜாஅ ____ (அல்முஸாஃபிரூன)’ மாதிரி. இல்லையென்றால் வாக்கியத்தைப் படிக்காமலே எல்லாவற்றையும் ஜர்ராக மாற்றிவிடுவார்கள்.

முன்னிடைச்சொல்லையே கோடிட்ட இடமாக்குவதைத் தனித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ரஃகிப’ வினைக்குப் பின் ‘ஃபீ’ வந்தால் விரும்பினான், ‘அன்’ வந்தால் புறக்கணித்தான். பொருளைக் கொடுக்காவிட்டால் இரண்டுமே சரியான விடை.