கை கொடுக்கும் வரிசை

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கபடி அணிக்கு இந்த ஆண்டு நான் தலைவன். பொங்கல் போட்டியில் பக்கத்து ஊர் அணியுடன் ஆட இருக்கிறோம். சென்ற ஆண்டு அவர்களோடு ஆடியபோது கைகலப்பாகிவிட்டது. இந்த முறை ஆட்டத்துக்கு முன் இரு அணிகளும் வரிசையாகக் கை கொடுக்க வேண்டும் என்கிறது விழாக் குழு. மனதில் கசப்பை வைத்துக்கொண்டு கை கொடுப்பது நடிப்பு ஆகாதா? அவர்களில் யாராவது கை தர மறுத்தால் என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கசப்போடு கை கொடுப்பதில் பொய் ஏதும் இல்லை. பழையதை மறந்துவிட்டோம் என்று அதற்கு யாரும் பொருள் கொள்வதில்லை. இன்றைய ஆட்டத்தை விதிப்படி ஆடுவோம் என்பதே அதன் பொருள். ஒருவர் கணுக்காலை இன்னொருவர் பிடித்துக் கீழே சாய்க்கும் கபடியில் இந்த உறுதி மற்ற ஆட்டங்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று நான் நினைக்கிறேன்.

மறுப்பைப் பற்றிக் கேட்டதால் கால்பந்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2012 பிப்ரவரியில் லிவர்பூல் அணி மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆட்டமொன்றில் யுனைடெட் வீரர் எவ்ராவை இனவெறியோடு பேசியதற்காக லிவர்பூல் வீரர் சுவாரஸ் 8 ஆட்டங்களுக்குத் தடை பெற்றிருந்தார். அன்று எவ்ராதான் யுனைடெட் அணியின் தலைவர். சொந்த மைதானத்து அணி நிற்க, வந்த அணி அதைக் கடந்து நடந்துகொண்டே கை கொடுப்பது அங்கே வழக்கம். அப்படி நடந்து வந்த சுவாரஸ், எவ்ரா நீட்டிய கையை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். எவ்ரா அவர் கையைப் பிடித்து இழுத்தார். அதே வரிசையில் நின்ற ஃபெர்டினாண்ட், சுவாரஸுக்குத் தன் கையைத் தரவில்லை. இருவருக்கு இடையிலான பகை, பந்து உருளும் முன்பே மூன்றாமவரிடமும் போய்விட்டது. மறுநாள் சுவாரஸ் மன்னிப்புக் கேட்டார்.

வரிசையின் பலவீனம் இதுதான்: பின்னால் வருகிறவர்கள் முன்னால் நடப்பதைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். ஆகவே ஒருவர் கை தர மறுத்தால் நீங்கள் இழுக்கவும் வேண்டாம், நின்று காரணம் கேட்கவும் வேண்டாம். தலையசைத்துவிட்டு அடுத்தவருக்குக் கையை நீட்டுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே, உடை மாற்றும் இடத்தில், தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முறையிடுவதற்கு நடுவர் இருக்கிறார். அதைத் தலைவர் ஒருவர் மட்டும் போய்ச் செய்தால் போதும்.

ஆனால் உங்கள் உண்மையான வேலை வரிசைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டுக்குப் பிறகு நீங்களும் அவர்கள் அணித் தலைவரும் முகம் பார்க்கும் முதல் இடம், ஊரே கூடி நிற்கும் விளக்கு வெளிச்சமாக இருக்கக் கூடாது. அவர்கள் வண்டியிலிருந்து இறங்கியதும் நீங்கள் தனியாகப் போய், ‘வாங்கண்ணே, சாப்பிட்டாச்சா?’ என்று அவர்கள் தலைவரைக் கேளுங்கள். அவர் உங்களைவிட இளையவராக இருந்தாலும் ‘வாங்க’ என்றே அழையுங்கள். பிறகு, ‘போன வருஷம் நடந்தது நடந்துபோச்சு, இந்த வருஷம் பசங்களை நாம ரெண்டு பேரும் பாத்துக்குவோம்’ என்று சொன்னால் போதும். யார் மேல் தப்பு என்ற பேச்சை அங்கே எடுக்க வேண்டாம். டாஸ் போடும்போது அவரை இரண்டாம் முறையாகப் பார்ப்பீர்கள். வரிசையில் பார்ப்பது மூன்றாம் முறை. அதற்குள் இறுக்கம் பெரும்பாலும் தளர்ந்திருக்கும்.

வரிசையை அமைப்பதிலும் கவனம் வேண்டும். நீங்கள் முன்னால் நில்லுங்கள். சென்ற ஆண்டு கை ஓங்கியவரைக் கடைசியில் விடாமல், நிதானமான இருவருக்கு நடுவில் நிறுத்துங்கள். கடைசி ஆள் அங்கேயே நின்று வாய் கொடுப்பதற்கு வாய்ப்பு அதிகம். கையை நசுக்கிப் பலம் காட்டும் பழக்கம் சில பையன்களுக்கு உண்டு. அதைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். தடுப்பாட்டக்காரர்களின் விரல்கள் பலமுறை பிசகியவை. எதிரில் நிற்பவர் விரலில் பிளாஸ்டர் தெரிந்தால் உள்ளங்கையை லேசாகத் தொட்டாலே போதுமானது.

அவர்கள் தலைவரிடம் பேசிய பிறகும் நிலைமை சரியாகவில்லை என்று தோன்றினால், தலைவர்கள் இருவர் மட்டும் டாஸின்போது கை கொடுத்துக்கொள்கிறோம் என்று இருவரும் சேர்ந்தே விழாக் குழுவிடம் கேளுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. அதே 2012 ஜனவரியில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், செல்சி அணிகளின் கோப்பை ஆட்டத்துக்கு முன், இரு அணி வீரர்கள் சம்பந்தப்பட்ட வழக்கைக் கருதி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே கைகுலுக்கலை நிறுத்திவைத்தது.

ஆட்டம் முடிந்த பிறகு கொடுக்கும் கையை மட்டும் எக்காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். தோற்றால் நீங்களே முதலில் நடந்து போங்கள். வென்றால் உங்கள் பையன்கள் உங்களைத் தோளில் தூக்குவதற்கு முன்பே போய்விடுங்கள்.