கம்பெனி வீடும் காரும் டிரைவரும்: சம்பளத்தில் எவ்வளவு சேரும்?

"கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு மாற்றல். மாதச் சம்பளம் 2 லட்சம், அதில் பேசிக் 1,20,000. வருட போனஸ் 3 லட்சம். கம்பெனி 45,000 ரூபாய் வாடகையில் ஒரு ஃபிளாட், 1,493 சிசி டீசல் கார், டிரைவர் எல்லாம் தருகிறது. காருக்கும் டிரைவருக்கும் மட்டும் மாதம் 60,000 ஆகிறதாம். இந்த முழுத் தொகைக்கும் நான் வரி கட்ட வேண்டுமா? அப்படியென்றால் பணமாகவே கேட்டு வாங்கிவிடலாமா?"

பணமாகக் கேட்காதீர்கள். குறைந்தபட்சம், கீழே இருக்கும் கணக்கைப் பார்க்கும் வரைக்குமாவது கேட்காதீர்கள்.

கம்பெனி உங்களுக்காகச் செலவழிப்பது ஒரு தொகை, வரிக்காக உங்கள் சம்பளத்தில் சேர்ப்பது வேறொரு தொகை. பணமாகக் கொடுத்தால் இரண்டும் ஒன்றுதான். பொருளாகவோ வசதியாகவோ கொடுத்தால் அதற்கு என்ன மதிப்பு போடுவது என்று வருமான வரி விதிகளில் 3ஆம் விதி சொல்கிறது, அந்த மதிப்புதான் சம்பளத்தில் சேரும். சில இனங்களில் அது நிஜச் செலவுக்குப் பக்கத்திலேயே இருக்கும், சிலவற்றில் சிரிப்பு வரும் அளவுக்குக் குறைவாக இருக்கும். உங்கள் கார் இரண்டாவது வகை. (நான் சொல்வதெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கான கணக்கு, 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டமும் அதற்கான புது விதிகளும் பொருந்தும், அதனால் அதற்குப் பிந்தைய சம்பளத்துக்கு இந்த எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.)

முதலில் வீடு. கம்பெனி வாடகைக்கு எடுத்துத் தரும் வீடு என்றால் இரண்டு தொகைகளை எடுத்து வைத்துக்கொண்டு எது குறைவோ அதைப் போட வேண்டும்: கம்பெனி கட்டும் நிஜ வாடகை ஒன்று, உங்கள் சம்பளத்தில் 10 சதவீதம் இன்னொன்று. 2023 செப்டம்பர் 1க்கு முன் இது 15 சதவீதமாக இருந்தது. இப்போதும் பழைய 15ஐயே போட்டு வைத்திருக்கும் பேரோல் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் உங்கள் ஆபீசில் என்ன போடுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் அந்த 'சம்பளம்' என்ற சொல். பேசிக் மட்டும் என்று நினைத்து 14,40,000இல் 10 சதவீதம், அதாவது 1,44,000 என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அது தப்பு. வரிக்கு உட்பட்ட அலவன்ஸ்கள், போனஸ், கமிஷன் எல்லாம் இதில் சேரும். கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கு, வரிவிலக்கு உள்ள அலவன்ஸ்கள், மற்ற வசதிகளின் மதிப்பு, இவை சேராது. நீங்கள் சொன்ன 2 லட்சத்தில் பேசிக் போக மீதி வரிக்கு உட்பட்ட ஸ்பெஷல் அலவன்ஸ் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் 24 லட்சமும் 3 லட்சம் போனஸும் சேர்ந்து 27 லட்சம், அதில் 10 சதவீதம் 2,70,000. நிஜ வாடகை வருடத்துக்கு 5,40,000. குறைவானது 2,70,000, அதுதான் வீட்டின் மதிப்பு. பாதி வாடகை கணக்கிலிருந்தே காணாமல் போய்விட்டது, பாருங்கள்.

வீட்டுக்குள் கம்பெனி வாங்கிப் போட்ட ஏசி, ஃபிரிட்ஜ், சோபா இருந்தால் அவற்றின் விலையில் வருடத்துக்கு 10 சதவீதம் கூடும். 3 லட்சம் ரூபாய்ச் சாமான் என்று வைத்தால் 30,000. வாடகைக்கு எடுத்த சாமான் என்றால் அந்த வாடகை. ஆக வீட்டுக்கு மொத்தம் 3,00,000. உங்களிடமிருந்து மாதாமாதம் ஏதாவது வாடகை பிடித்தால் அதை இதிலிருந்து கழித்துவிடலாம்.

இதே ஃபிளாட் கம்பெனிக்கே சொந்தமாக இருந்தால் வாடகையோடு ஒப்பிடும் வேலையே கிடையாது, ஊரின் மக்கள்தொகைதான் கணக்கு. 2011 சென்சஸ்படி 40 லட்சத்துக்கு மேல் என்றால் சம்பளத்தில் 10 சதவீதம், 15 முதல் 40 லட்சம் வரை 7.5, அதற்குக் கீழ் 5. சென்னைக்கு 10. நீங்கள் கிளம்பி வரும் கோயம்புத்தூர் அந்த சென்சஸில் பத்தரை லட்சம்தான், அதனால் அங்கே கம்பெனியின் சொந்த வீட்டில் இருந்திருந்தால் 5 சதவீதத்தோடு முடிந்திருக்கும். ஒருவேளை அங்கேயும் கம்பெனி வீடு இருந்து, பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று அதை விடாமல் வைத்திருந்தால், 90 நாள் வரைக்கும் இரண்டில் மதிப்பு குறைந்த வீட்டை மட்டும்தான் சேர்ப்பார்கள். அதன் பிறகு இரண்டுமே சேரும்.

வீட்டு விஷயத்தில் நான் பார்த்த பெரிய சொதப்பல் கணக்கில் இல்லை, வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. தெரிந்த ஒரு மேனேஜர் வீட்டு ஓனரோடு தன் பெயரிலேயே அக்ரிமென்ட் போட்டுவிட்டார், வாடகையை மட்டும் கம்பெனி நேராக ஓனருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அது கம்பெனி கொடுத்த வீடு ஆகாது. அவர் கட்ட வேண்டிய கடனைக் கம்பெனி கட்டியதாகத்தான் அர்த்தம், அதற்கு இந்த 10 சதவீதச் சலுகை எதுவும் இல்லை, கட்டிய வாடகை முழுக்கச் சம்பளத்தில் சேரும். ஆகவே குடி போகும் முன் லீஸ் கம்பெனி பெயரில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கார். கார் கம்பெனியுடையது (அல்லது கம்பெனி லீசுக்கு எடுத்தது), ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் ஓடுகிறது, பெட்ரோல் டீசல் செலவெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்கிறது என்றால் எஞ்சின் 1.6 லிட்டர் வரை மாதம் 1,800, அதற்கு மேல் 2,400. டிரைவர் இருந்தால் இன்னொரு 900. அவ்வளவுதான். டிரைவருக்குக் கம்பெனி 22,000 கொடுக்கட்டும், 30,000 கொடுக்கட்டும், உங்கள் கணக்கில் 900தான். உங்கள் 1,493 சிசி வண்டிக்கு மாதம் 2,700, வருடத்துக்கு 32,400. கம்பெனி செலவழிப்பதோ 7,20,000. சொந்த ஓட்டத்துக்கான டீசலை நீங்களே போட்டுக்கொண்டால் 1,800க்குப் பதில் 600, பெரிய எஞ்சினுக்கு 900. ஆனால் ஒன்று, இந்த நிலையான மாத மதிப்பில் காருக்காக உங்களிடம் பிடிக்கும் தொகையை வீட்டு வாடகை போலக் கழிக்க முடியாது.

இப்போது மொத்தம்: வீடு 3,00,000, கார் டிரைவர் 32,400, ஆக 3,32,400. உங்கள் வருமானம் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போக 26,25,000, புதிய வரி முறையில் 24 லட்சத்தைத் தாண்டியாயிற்று, அதனால் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும். வரி சுமார் 1,03,700. மாதம் 8,600 ரூபாய் போல டிடிஎஸ் கூடும். கையில் பணம் எதுவும் கூடாமல் சம்பளம் மட்டும் குறைந்து வரும்போது முதல் மாதம் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

பணமாக வாங்கியிருந்தால்? 5,40,000 வாடகையும் 7,20,000 கார் செலவும் சேர்ந்து 12,60,000. அதே விகிதத்தில் வரி 3,93,120. மீதி 8,66,880ஐ வைத்துக்கொண்டு அதே ஃபிளாட்டுக்கும் அதே காருக்கும் அதே டிரைவருக்கும் நீங்கள் செலவழிக்க வேண்டும், பத்தாது.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வீடு மட்டும் வேறு கதை. அங்கே எச்ஆர்ஏ விலக்கு உண்டு. வருடம் 5,40,000 எச்ஆர்ஏ வாங்கி அதே அளவு வாடகை கட்டினால், வாடகையிலிருந்து பேசிக்கில் 10 சதவீதம் போக 3,96,000க்கு விலக்கு கிடைத்து 1,44,000 மட்டும் வரிக்கு வரும். கம்பெனி வீடு என்றால் 2,70,000. அங்கே எச்ஆர்ஏ ஜெயிக்கிறது. புதிய முறையில் எச்ஆர்ஏ விலக்கு கிடையாது, ஆனால் 3ஆம் விதியின் மதிப்பீடு இரண்டு முறைக்கும் பொது, அதனால்தான் புதிய முறைக்கு மாறியவர்களுக்குக் கம்பெனி லீஸ் வீடு லாபமாகத் தெரிகிறது.

காரில் ஒரு எச்சரிக்கை. கார் உங்கள் பெயரில் இருந்து, செலவையும் டிரைவர் சம்பளத்தையும் கம்பெனி திருப்பித் தந்தால் கணக்கு அப்படியே தலைகீழ். கம்பெனி காரில் 2,700தான் சேரும் தொகை, சொந்தக் காரில் 2,700தான் கழியும் தொகை. டீசலுக்கும் பராமரிப்புக்கும் 13,000, டிரைவருக்கு 22,000 என்று மாதம் 35,000 வாங்கினால் 32,300 சம்பளத்தில் சேர்ந்துவிடும். ஆபீஸ் வேலைக்கு அதைவிட அதிகமாக ஓடியது என்று காட்ட வேண்டுமென்றால் தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு எல்லாம் எழுதிய லாக் புக்கும் கம்பெனியின் சான்றும் வேண்டும். சிடிசி பேசும்போது "கார் உங்க பேர்லயே இருக்கட்டும் சார்" என்று எச்ஆர் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே மாதிரி, கார் ஆபீஸ் வேலைக்கு ஓடவே இல்லை, வீட்டு உபயோகம் மட்டும்தான் என்றால் 2,700 செல்லாது. வண்டி ஓடும் செலவு, டிரைவர் சம்பளம், கம்பெனி கார் என்றால் அதன் விலையில் வருடத்துக்கு 10 சதவீதத் தேய்மானம், லீஸ் கார் என்றால் லீஸ் வாடகை, எல்லாம் நிஜத் தொகையாகச் சேரும். இரண்டாவதாக ஒரு கார் வீட்டம்மாவுக்கென்று கொடுத்தாலும் அந்த இரண்டாவதற்கு இந்தக் கணக்குத்தான். நிலையான மாத மதிப்பு ஒரே ஒரு காருக்குத்தான். ஆபீஸ் போய்வருவதைத் தவிர வேறு அலுவல் ஓட்டமே இல்லாத ஆட்கள் பயண விவரத்தை எழுதி வைப்பது நல்லது, கேள்வி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

வருட முடிவில் ஃபார்ம் 16 வரும்போது கூடவே கம்பெனி தந்த வசதிகளின் மதிப்பைக் காட்டும் ஃபார்ம் 12பிஏவும் வாங்குங்கள். முதல் வரிசை வீடு, அடுத்தது கார். ஒவ்வொன்றுக்கும் மதிப்பு, உங்களிடம் பிடித்தது, வரிக்கு உட்பட்டது என்று மூன்று தொகை இருக்கும். கார் வரிசையில் 32,400க்குப் பதில் லட்சக்கணக்கில் இருந்தால் முழுக்கச் சொந்த உபயோகம் என்று போட்டிருக்கிறார்கள். வீட்டு வரிசையில் 3,00,000க்குப் பதில் 4,35,000 இருந்தால் அந்தப் பழைய 15 சதவீதம்தான், பேரோலுக்கு ஒரு மெயில் போடுங்கள்.